சரிக்கட்டு நிரலை நாமே எழுதுவோம்

மார்ச் 31 முடிந்ததும் பேரேட்டை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, லாபம் எவ்வளவு என்று கேட்கிறோம். விரிவாக்கிய இருப்பாய்வுத் தாளில் சரிக்கட்டு நிரலையாவது கடையிலேயே எழுத வேண்டும் என்பது நம் கருத்து.

அக்டோபர் 1ல் சரக்குக்கு ஓராண்டுக் காப்பீடாக ரூ.12,000 கட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். இருப்பாய்வின் பற்று நிரலில் முழுத் தொகையும் நிற்கும். அதில் பாதி அடுத்த ஆண்டுக்கு உரியது. ஆகவே சரிக்கட்டு நிரலில் காப்பீட்டு வரிக்கு நேரே ரூ.6,000 வரவு எழுதி, கீழே 'முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு' என்று புது வரி போட்டு ரூ.6,000 பற்று எழுதுகிறோம். அங்கிருந்து வலப்புறம் போனால், பழைய வரியின் மீதி ரூ.6,000 லாப நட்ட நிரலில் செலவாகவும், புது வரியின் ரூ.6,000 ஐந்தொகை நிரலில் சொத்தாகவும் சேரும். லாப நட்ட நிரல்கள் இரண்டின் வித்தியாசமே லாபம். ஐந்தொகை நிரல்களின் வித்தியாசமும் அதே தொகையாக வர வேண்டும். புது வரியை மறந்திருந்தால் சரியாக ரூ.6,000 உதைக்கும்.

ஆனால் சிப்பந்திக்குத் தர வேண்டிய மார்ச் சம்பளத்தை எந்தப் பக்கமும் எழுதாமல் விட்டால் தாள் ஒழுங்காகவே நேராகும். லாபம் மட்டும் கூடுதலாகத் தெரியும். அந்தப் பாக்கி ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்? நமக்கே சிப்பந்தி கேட்டால்தான் ஞாபகம் வருகிறது! தாளை அவர் போடட்டும். பாக்கி, முன்பணம், கடைசி நாள் சரக்கிருப்பு ஆகியவற்றை நாம் எழுதிக் கொடுப்போம்.