மீன் தொட்டிக்கும் ஒரு நாள் முன்னறிவிப்பு வேண்டும்!

தாயில்பட்டி வட்டாரத்தில் 'மருந்து' என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது பட்டாசு மருந்துதான். அதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது சிறு பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் இன்னொரு மருந்து வீடு தேடி வருகிறது. அதுதான் கொசு மருந்து. அதைப் பற்றிய எச்சரிக்கை அவ்வளவாக யாருக்கும் இல்லை.

மருந்து அடிக்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2017-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்த வீட்டிலும், அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் பறக்கும் கொசுவை உடனே கொன்றாக வேண்டும். கேள்வி அதுவல்ல. அதே வீட்டில் இருக்கும் கூண்டுப் பறவைக்கும், தொட்டி மீனுக்கும், தண்ணீர் ஆமைக்கும் என்ன வழி என்பதே கேள்வி.

"கூண்டைத் திண்ணையில் வையுங்கள், தொட்டியைத் துணி போட்டு மூடுங்கள்." வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இதுதான். இரண்டுமே அரைகுறை யோசனைகள்!

மீனுக்கு எமன் எது?

வீட்டுக்குள் அடிப்பதற்கு வரும் மருந்துகளில் ஒன்று பைரித்ரம். செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படுவது. 2 சதவிகித மருந்தில் ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் சேர்த்து அடிக்கிறார்கள். பூவிலிருந்து வந்தது, ஆகவே சாது என்று நினைத்துவிடக் கூடாது. மனிதனின் ஈரல் இதை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. மீனின் ஈரலுக்கு அந்த வேகம் இல்லை. மேலும், தண்ணீரில் கலந்த மருந்தை மீனின் செவுள்கள் இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு மருந்து கலந்தாலே பல மீன்களின் உயிருக்கு ஆபத்து. அப்படியானால் தொட்டி முழுவதற்கும் அரை மில்லிகிராம் போதும். மண்ணெண்ணெயில் கலந்த மருந்தில் அது எவ்வளவு தெரியுமா? சுமார் பத்துச் சொட்டு!

இந்தப் பத்துச் சொட்டு மேலிருந்துதான் விழ வேண்டும் என்பதில்லை. தொட்டியில் குமிழி விடுகிறதே காற்று மோட்டார், அது அறையில் உள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அறை முழுவதும் புகை நிறைந்திருக்கும்போது அந்த மோட்டார் ஓடினால், மேலே எத்தனை துணி போட்டு மூடினாலும் என்ன பயன்? வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். துணியும் மண்ணெண்ணெய்ச் சாரலை உறிஞ்சி உள்ளே விடும்.

ஆகவே முதல் வேலை, மோட்டாரை நிறுத்தி, குழாயை வெளியே எடுத்துவிடுவது. பிறகு துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டுத்தாளால் ஒட்டிவிட வேண்டும். தண்ணீருக்கும் தாளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். மருந்து அடித்தபின் அறையை அரை மணி நேரம் மூடி வைப்பார்கள். அதன்பின் ஜன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றோட விட்டு, வாடை போன பிறகே தாளை எடுக்கலாம். மோட்டாரை ஓட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

இந்த இரண்டு மணி நேரம் காற்றில்லாமல் மீன் தாங்குமா? மீன் குறைவாக உள்ள தொட்டி தாங்கும். அன்று காலையில் இரை போடாமல் இருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். மீன் நெருக்கமாக உள்ள தொட்டி தாங்காது. அதில் பாதி மீன்களை அதே தண்ணீரோடு வாளியில் எடுத்து, மருந்து அடிக்காத தெருவில் உள்ள உறவினர் வீட்டில் வைப்பதே சரி.

முதல் நாளே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, குளோரின் வாடை போகும்வரை திறந்து வைத்து, மருந்து அடிக்கும் முன் இறுக மூடிவிட வேண்டும். மீன் நிலை தடுமாறிச் சுழன்றாலோ, துள்ளிக் குதித்தாலோ, மேலே வந்து வாய் பிளந்தாலோ மருந்து உள்ளே போய்விட்டது என்று அறியலாம். உடனே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, சேமித்த தண்ணீரை ஊற்ற வேண்டும்.

பறவையின் மூச்சு

மீனை மூடிக் காப்பாற்றலாம். பறவையை மூடிக் காப்பாற்ற முடியாது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. காற்று ஒரே திசையில் ஓடி, நல்ல காற்றை மிகுதியாகக் கொடுக்கிறது. நஞ்சு கலந்த காற்றையும் அப்படியே மிகுதியாகக் கொடுக்கிறது! பைரித்ரம் பறவைக்கு மீனுக்குப் போல் கொடியதல்ல. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகை லவ் பேர்ட்ஸ் போன்ற சின்னஞ்சிறு பறவைகளைத் திணற அடித்துவிடும்.

திண்ணையும் உதவாது. வீட்டுக்குள் அடித்த கையோடு தெருவிலும் புகை போடுகிறார்கள் அல்லவா? ஆகவே கூண்டோடு வேறு தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். தானியக் கிண்ணமும் தண்ணீர்க் கிண்ணமும் கூண்டோடு போகட்டும். வாடை முழுவதும் போய், சுவரும் தரையும் உலர்ந்த பிறகே திரும்பலாம். மாலை ஆனாலும் பாதகமில்லை. வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு விடுவதும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்காருவதும் ஆபத்தின் அறிகுறிகள். அப்போது கால்நடை மருத்துவரிடம் போவதே வழி.

ஆமைக்கு அவசரமில்லை

காதோரம் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் உண்டு. அதைக் காப்பாற்றுவது எளிது. துளை போட்ட அட்டைப் பெட்டியில் ஈரத் துணி விரித்து வைத்தால், அரை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும். தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீரில் விடலாம். ஆனால் ஒன்று: ஆமையின் உடல் மெதுவாக இயங்குவது, கேடும் மெதுவாகவே தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கால் நடுங்கினாலும், தலையைப் பின்னுக்கு வளைத்தாலும் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

யார் செய்ய வேண்டியது?

இத்தனைக்கும் செலவு ஒரு பிளாஸ்டிக் தாள்தான். ஆனால் நேரம் வேண்டுமே! இந்த வட்டாரத்தில் பலரும் பொழுது விடிந்ததும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள். மருந்துக்காரர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது பாட்டியோ பள்ளிப் பிள்ளையோதான். அந்த ஐந்து நிமிஷத்தில் மோட்டாரை நிறுத்துவது யாருக்கு நினைவு வரும்?

முதல் நாள் மாலையில், எந்தத் தெரு, எந்த நேரம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் போதும். அடிப்பவரும் உள்ளே நுழையுமுன், "மீன், பறவை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இது பெரிய சலுகை ஒன்றும் அல்ல. கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் கம்பூசியா மீனையும் கப்பி மீனையும் விடுவது இதே சுகாதாரத் துறைதான். கிணற்றில் மீனை விடும் கை, வீட்டு மீனுக்கும் ஒரு நாள் அவகாசம் கொடுக்கக் கூடாதா?