மாணவன் கூற்றும் பிறர் கைவண்ணமும்

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் மாணவனைத் தெரிவு செய்வதற்கு அவனுடைய இசற் புள்ளியையும் மாவட்டத்தையும் பார்க்கின்றன. நீ யார், ஏன் இத்துறையை நாடுகின்றாய் என்று அவை கேட்பதில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களோ அதனைக் கேட்கின்றன. யூக்காஸ் என்னும் பொது நிலையத்தின் வாயிலாக விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவனும் தன்னைப் பற்றிய கூற்று ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இத்தகைய எழுத்து எமது பெற்றோருக்கும் ஆசிரியர் பலருக்கும் புதியது. ஆகவேதான் அந்த வெற்றிடத்தில் தரகர் புகுந்துவிடுகின்றார். மாணவன் தமிழிற் கிறுக்கித் தந்த அரைப்பக்கக் குறிப்பைப் பெற்றுக்கொண்டு, அவனே அறிந்திராத ஒரு மாணவனை ஆங்கிலத்திற் படைத்துக் கையிற் கொடுக்கின்றார். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பத் துணியும் தகப்பன், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை அறியாமலே பணத்தைக் கட்டுகின்றான்.

இது தகாது என்பது எமது கருத்து. மாணவனுக்கு ஆங்கிலத்தில் உதவி செய்வதைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. உதவிக்கும் களவுக்கும் இடையேயுள்ள எல்லை எதுவென்பதே கேள்வி. அந்த எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். முன்னர் இக்கூற்று ஒரே நீண்ட கட்டுரையாக இருந்தது. 2026ஆம் ஆண்டு அனுமதிக்கான விண்ணப்பங்களில் இருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பாடத்தை ஏன் கற்க விரும்புகின்றாய்? உன் படிப்பு உன்னை அதற்கு எவ்வாறு ஆயத்தப்படுத்தியது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எவ்வாறு பயன்படும்? ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350 எழுத்துகள் வேண்டும். மூன்றும் சேர்ந்து, சொற்களுக்கு இடையே விடும் வெளியையும் உட்படுத்தி, 4000 எழுத்துகளைத் தாண்டுதல் கூடாது. ஏறத்தாழ 650 ஆங்கிலச் சொற்கள் எனலாம். தமிழில் ஒரு சொல்லாக நிற்கும் “செய்யவேண்டியிருந்தது” என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் தேவைப்படும். எனவே இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு இந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே முதல் வேலையாகின்றது.

இனி மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பகுதியைச் சேர்ந்தவன். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம் கற்றவன். மண்ணியல் கற்க விரும்புகின்றான். அவனுடைய குறிப்பு இவ்வாறு இருக்கின்றது:

“எங்கள் குடும்பம் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம். 2009இல் இடம்பெயர்ந்தோம். அப்பா வெங்காயம் செய்கிறவர், நாலு பரப்புத் தோட்டம். 2021இல் பசளை இல்லாமற் போனதால் அரைவாசிதான் செய்தார். பள்ளிக்கூடத்தில் கிணற்றுத் தண்ணீர் சோதித்தோம். சின்ன வயதிலிருந்தே விவசாயத்தில் ஆசை. படித்து வந்து ஊருக்குச் சேவை செய்வேன்.”

தரகரின் கையில் இக்குறிப்பு எவ்வாறு மாறும்? குண்டுமழையில் நனைந்த குழந்தை, நிலவொளியில் மண்ணை முகர்ந்து பார்த்த சிறுவன், அறிவுத் தாகம், அணையா வேட்கை என்று வளர்ந்துவிடும். 2009இல் மூன்று வயதாயிருந்த பிள்ளைக்கு நினைவிலில்லாத காட்சிகள் நினைவாக எழுதப்படும். இதிலுள்ள தீங்கு பொய்யுடன் முடிவதில்லை. ஒருவருக்கு விற்ற அலங்காரம் பத்துப் பேருக்கும் விற்கப்படும். 2007இல் யூக்காஸ் நிலையம் ஐம்பதினாயிரம் கூற்றுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாம் பிறந்தநாளில் இரசாயனப் பெட்டியைக்கொண்டு தம் இரவுடையில் ஓட்டை எரித்ததாக 234 பேர் எழுதியிருந்தமை வெளிப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு கூற்றும் முன்னையவற்றோடு ஒப்பிடப்படுகின்றது. ஒற்றுமை மிகுந்து காணப்பட்டால் மாணவனுக்கும் அவன் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கும் அறிவிக்கப்படும். முடிவு பல்கலைக்கழகத்தின் கையிலுள்ளது. விற்றவருக்கு எந்த நட்டமும் இல்லை. காணியை ஈடுவைத்தவனே நட்டப்படுகின்றான்.

நேர்மையான உதவியாளர் என்ன செய்வார்? பேனாவை எடுக்குமுன் கேள்விகளைக் கேட்பார். அக்குறிப்பில் மிகப் பெறுமதியான வரி எது தெரியுமா? கஷ்டத்தைக் கூறும் முதல் வரி அன்று. ஆசையைக் கூறும் வரியும் அன்று. “கிணற்றுத் தண்ணீர் சோதித்தோம்” என்பதே அது. மாணவன் அதை ஓரமாக எழுதிச் சென்றுவிட்டான். உதவியாளர் அங்கேயே நிற்க வேண்டும்.

எத்தனை கிணறுகள்? நான்கு. எதைச் சோதித்தீர்கள்? நைத்திரேற்றை. எதைக்கொண்டு? நிறம் மாறும் சோதனைத் தாளைக்கொண்டு. “சோதித்தோம்” என்றால், நீ செய்தது என்ன? ஐவரடங்கிய குழுவில் நீரைச் சேகரித்ததும் அட்டவணையிட்டதும் அவனே. எக்கிணற்றில் கூடுதலாகக் கண்டாய்? தோட்டக் கிணற்றில், வீட்டுக் கிணற்றிற் குறைவு. ஏன் என்று நினைக்கின்றாய்? இங்கேதான் மாணவன் முதன்முறையாக வாய்திறந்து பேசுகின்றான். வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. அடிக்கடி இறைக்க வேண்டும். இட்ட யூரியாவின் ஒரு பகுதி நைத்திரேற்றாகி, இறைத்த நீரோடு வேரைக் கடந்து இறங்குகின்றது. செம்மண்ணின் கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதன் வழியே அது கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இவையெல்லாம் அவனிடம் இருந்தன. கேட்பாரில்லாமையால் குறிப்பில் வரவில்லை.

அடுத்து, அவனுடைய சான்றின் எல்லையையும் உதவியாளர் காட்ட வேண்டும். சோதனைத் தாள் அண்ணளவைத்தான் தரும். ஒருமுறை பார்த்தது மழைக்காலத்துக்கும் கோடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறாது. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் அத்தடையைத் தளர்த்தியது. அந்தப் போகத்தில் தகப்பன் இரண்டு பரப்பை மட்டும் மாட்டெருவும் குழையும் இட்டுச் செய்தார். அதனாற் கிணற்று நீர் திருந்திற்று என்று எழுத மாணவனுக்கு ஆசை வரும். அதற்கு முன் அளந்த கணக்கு அவனிடம் இல்லை. ஆகவே அவ்வாறு எழுத முடியாது. “அந்த ஆண்டு நான் அளந்திருந்தால் ஒரு விடை கிடைத்திருக்கும், அளக்கும் முறையை அறியவே மண்ணியல் கற்க விரும்புகின்றேன்” என்று எழுதலாம். முதற் கேள்விக்கு இதைவிட உறுதியான விடை வேறென்ன வேண்டும்? “சின்ன வயதிலிருந்தே ஆசை” என்ற வரி இப்போது தானாகவே உதிர்ந்துவிடுகின்றது.

எஞ்சியவை எங்கே செல்லும்? கிணற்றுச் சோதனையும் இரசாயனவியலிற் கற்றதும் இரண்டாம் கேள்விக்கு உரியன. தகப்பனோடு இறைப்பில் நின்றதும், எருவிட்ட நிலத்தையும் பசளையிட்ட நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததும் மூன்றாவதற்கு உரியன. இடப்பெயர்வு எங்கே செல்லும்? பலரும் அறியாத செய்தி இது. மாணவனுக்காக ஆசிரியர் தனியே எழுதும் பரிந்துரையில், படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைக் கூறுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பள்ளிக்கூடம் இடையறுந்ததையும் குடும்பத்தின் நிலைமையையும் ஆசிரியர் அங்கே சாட்சியாக நின்று கூறலாம். பிறர் கூறும்போது அது சான்றாகின்றது. மாணவனே அதைக்கொண்டு 4000 எழுத்துகளில் ஆயிரத்தைச் செலவிட்டால், பாடத்தைப் பற்றிக் கூற இடமில்லாது போகும். குடும்பத்தின் துயரை மறைக்கச் சொல்லவில்லை. அதனை இரங்கல் கேட்கும் பொருளாக்க வேண்டாம் என்கின்றோம். ஏழ்மை அவனுடைய கேள்வியைப் பிறப்பித்த இடத்தில், அந்தக் கேள்வியோடு சேர்த்து ஒரு வாக்கியத்திற் கூறுக.

இதன் பின்னரே மொழிபெயர்ப்பு. அங்கும் பொறிகள் உண்டு. நாம் “தோட்டம்” என்பதற்கு அகராதி தரும் ஆங்கிலச் சொல், அந்நாட்டவருக்கு வீட்டுமுற்றத்து மலர்ச்செடிகளையே நினைவூட்டும். தகப்பனுடைய பிழைப்பு பொழுதுபோக்காகிவிடும்! நான்கு பரப்பு என்பது ஏக்கரிற் கால்பங்கு. கால் ஏக்கரில் வெங்காயம் பயிரிட்டுக் குடும்பத்தைக் காக்கும் சிறு கமக்காரர் என்று விளங்க எழுத வேண்டும். தமிழில் “சென்று, எடுத்து, சோதித்து, எழுதி” என வினையெச்சங்களை அடுக்கி முடிவில் முற்றை வைப்போம். அதே வரிசையில் ஆங்கிலத்தை எழுதினால் முக்கிய செய்தி வாலில் தொங்கும். செய்தவனையும் செயலையும் முன்னே நிறுத்தி, நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும். “நாம்” என்று கூறுவது எமது பணிவு. அங்கே அது, இவன் எதையும் தனியே செய்யவில்லை என்ற பொருளைத் தரும். குழு செய்ததைக் குழுவுக்கும், தான் செய்ததைத் தனக்கும் பிரித்து எழுதுவது தற்பெருமை ஆகாது, அது கணக்கு. ஊருக்குச் சேவை செய்வேன் என்பதையும் அவ்வாறே நிலத்தில் ஊன்ற வேண்டும். எந்த நீரை, எப்போது, எவருக்காக அளக்கப் போகின்றாய் என்று ஒரு வரி போதும். ஒரே கூற்று ஐந்து தெரிவுகளுக்கும் செல்வதால், ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்தல் மற்றை நான்கிலும் பிழையாய் முடியும்.

இவ்வளவும் செய்தபின் எல்லை எங்கே இருக்கின்றது? உதவியாளர் மாணவனிடமிருந்து கேட்டறிந்ததை ஒழுங்குபடுத்தலாம், இலக்கணத்தைத் திருத்தலாம், இயல்பான ஆங்கிலச் சொல்லைத் தேடித் தரலாம். அவன் செய்யாததை, உணராததை, விளக்க முடியாததைச் சேர்த்தலாகாது. இதைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. முடிந்த ஆங்கிலக் கூற்றை வாக்கியம் வாக்கியமாகத் தமிழிற் சொல்லுமாறு மாணவனைப் பணியுங்கள். தகப்பனையும் அருகில் இருத்துங்கள். எந்த வாக்கியத்தைத் தமிழிற் கூற மாணவன் தடுமாறுகின்றானோ, எந்த வாக்கியத்தைக் கேட்டுத் தகப்பன் “இது எப்போது நடந்தது?” என்று வினவுகின்றாரோ, அந்த வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். நேர்முகத்திற் கேட்கப்படும்போதும் அவன் தடுமாறப்போவது அதே இடத்திற்றான்.

எமது கிராமங்களில் ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்கு இரண்டு மாலைப்பொழுதைக் கொடுத்தாற் போதும்: ஒன்று கேள்வி கேட்பதற்கு, மற்றது திருத்துவதற்கு. அப்போது தரகரின் கடையில் விற்கப்படும் ஆங்கிலத்துக்கு இவ்வூரில் வேலை இராது.