செயற்றாளில் சுருங்கிய தேசப்படம்

நம் மாணாக்கர்க்குத் தேசப்படம் பார்க்கத் தெரியவில்லை என்று பெரியோர் பலர் குறைகூறக் கேட்கின்றோம். பிழை எப்போதும் பிள்ளைகளுடையதன்று என்பதே என் கருத்து. தமிழாசிரியன் தேசப்படத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். குறியும் அதன் பொருளும் சேர்ந்ததே மொழி. படமும் அத்தகையதொரு மொழிதான்.

நில அளவைத் திணைக்களத்தார் வெளியிடும் 1:50,000 இடவிளக்கப்படத்தில் ஒரு சதமமீற்றர் என்பது நிலத்தில் அரைக் கிலோமீற்றர் ஆகும். ஆசிரியர் ஒருவர் அப்படத்தின் ஒரு பகுதியை ஏ3 தாளில் எடுத்து, செலவு கருதி ஏ4 தாளுக்குச் சுருக்கிப் போட்டோப்பிரதி செய்து, சமூகக்கல்விச் செயற்றாளாக வழங்குகிறார் என்று கொள்வோம். படம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆனால், அடியில் அச்சிட்ட 1:50,000 என்னும் எழுத்து மட்டும் மாறாது நிற்கிறது. மூலப்படத்தில் 10 செ.மீ. இடைவெளியில் இருந்த இரு ஊர்கள் செயற்றாளில் 7 செ.மீ. இடைவெளியில் உள்ளன. மாணவன் அடிமட்டத்தால் செவ்வையாக அளந்து மூன்றரைக் கிலோமீற்றர் என்று விடையெழுதுகிறான். உண்மைத் தூரமோ 5 கிலோமீற்றர். அவனுடைய கணக்கிற் பிழையில்லை. தாள்தான் பொய் சொல்கிறது.

இப்பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. அப்படத்தின் மேல் வரைந்துள்ள சதுரங்கள் ஒவ்வொன்றும் நிலத்தில் ஒரு கிலோமீற்றர் பக்கமுடையவை. ஆகவே மூலப்படத்தில் அவற்றின் பக்கம் 2 செ.மீ. இருக்கும். செயற்றாளில் அது 1.4 செ.மீ. ஆக இருந்தால் படம் சுருக்கப்பட்டதென்பது வெளிப்படை. அப்பொழுது 7ஐ 1.4ஆல் வகுத்தால் 5 கிலோமீற்றர் என்னும் சரியான விடை கிடைத்துவிடும். கோட்டளவுத்திட்டம், அதாவது கிலோமீற்றர் குறித்து வரைந்த சிறு கோடு, படத்தோடு கூடவே சுருங்குவதால் என்றும் ஏமாற்றுவதில்லை. தாளின் ஓரத்தை இரு ஊர்களுக்கிடையே வைத்து அடையாளமிட்டு, அதனை அக்கோட்டின் மேல் பொருத்திப் பார்த்தாலே போதும். வளைந்த பாதையாயின் ஈர நூலை அதன்மேற் படியவைத்துப் பின் நிமிர்த்தி அளக்கலாம்.

திசையைப் பற்றி ஒரு சொல். "பதுளையிலிருந்து ஹாலிஎலை எத்திசையில் உள்ளது?" என்றால், திசைகாட்டியைப் பதுளையின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும், விடை தென்மேற்கு. ஹாலிஎலையின்மேல் வைத்தவன் வடகிழக்கு என்பான். "இருந்து" என்னும் சொல்லுருபை நோக்காமையே காரணம். இது இலக்கணப் பாடம், எனக்குரியது!

குறிவிளக்கம் படும்பாடு இன்னும் பெரிது. நீலநிற ஓடையும் கபில நிறச் சமவுயரக்கோடும் செந்நிறப் பாதையும் போட்டோப்பிரதியில் ஒரே கருப்பாகிவிடுகின்றன. அப்பொழுதும் ஒருவாறு பிரித்தறியலாம். ஓடை சமவுயரக்கோடுகளைக் குறுக்கே வெட்டிச்செல்லும். ஓடையைக் கடக்குமிடத்தில் அக்கோடுகள் மலைமுகமாக வளையும். தெமோதரையில் புகையிரதப்பாதை தன்னையே குறுக்கிடுவதைக் கண்ட மாணவன் அதை நாற்சந்தி என்று கருதுவான். நிலையத்திலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் கீழேயே குகைவழியாகச் செல்கிறது. குகைக்குரிய குறியை அறிந்தவனுக்கே ஒரு பாதை மேலும் ஒன்று கீழும் இருப்பது புலனாகும். அவ்விரண்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளவுத்திட்டம் கூறாது. அதற்குச் சமவுயரக்கோட்டைத்தான் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் என்று எண்ணிவிடலாகாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர்ப் புயலிலும் நம் மாவட்டம் மண்சரிவால் உயிர்களை இழந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்சரிவு அபாயப் படங்களை 1:50,000, 1:10,000 என்னும் அளவுகளில் ஆக்கியுள்ளனர். அவற்றில் அபாயத்தின் தரத்தை நிறமே காட்டுகிறது. அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளைப் பிரதியாக்கி ஒட்டினால், ஆபத்தான சரிவும் ஆபத்தற்ற சரிவும் ஒரே சாம்பல் நிறமாகும். அளவும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. 50 மீற்றர் நீளமான ஒரு லயம் 1:10,000 படத்தில் அரைச் சதமமீற்றர். 1:50,000 படத்தில் ஒரே ஒரு மில்லிமீற்றர். பின்னதை வைத்துக்கொண்டு "எங்கள் லயம் கோட்டுக்கு அப்பால் உள்ளது" என்று எவரும் உறுதிகூற இயலாது. எல்லைக்கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர் ஆயின் நிலத்தில் அது 25 மீற்றரை விழுங்கிவிடும். தோட்டத்துப் பிள்ளை இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால், எந்தப் படத்தைக் காட்டும்படி அதிகாரிகளைக் கேட்பது என்பதையும் அறிந்திருப்பான்.

ஆகவே, செயற்றாள் ஆக்கும் ஆசிரிய நண்பர்களை வேண்டுவது சிறிதே. பிரதியெடுத்தபின் ஒரு சதுரத்தை அளந்து பாருங்கள். பழைய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு, "இத்தாளில் 1.4 செ.மீ. = 1 கி.மீ." என்று எழுதுங்கள். ஓடைகளின்மேல் நீலப் பென்சிலால் கோடிழுக்கும் வேலையை, குறிவிளக்கத்தைப் பார்த்து மாணவரே செய்யட்டும்.