62 டாலர் பயணத்தில் யாருக்கு எவ்வளவு லாபம்?

வாடகைக் கார் செயலிகள் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் ஒரு எண் வந்து விழும்: 680 கோடி டாலர். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஊபர் எக்ஸ் சேவையால் பயணிகளுக்குக் கிடைத்த ‘நுகர்வோர் உபரி’ அவ்வளவு என்று ஸ்டீவன் லெவிட் உள்ளிட்ட ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். பயணி செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும், அதற்கு மேலே 1.60 டாலர் மதிப்புள்ள நன்மை அவருக்கே கிடைத்தது என்பது அதன் சாரம். ஐவரில் இருவர் ஊபரிலேயே வேலை பார்த்தவர்கள். அதனால் மட்டும் அந்த ஆய்வைத் தள்ளிவிட நான் சொல்ல மாட்டேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அவர்கள் அளந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் சண்டை அந்த எண்ணோடு அல்ல, அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வைக்கப்படுகிறது என்பதோடுதான்.

முதலில் உபரி என்றால் என்ன? தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் நுகர்வோர் உபரி, இலங்கையில் படித்தவர்களுக்கு நுகர்வோர் மிகை. ஒரு பொருளுக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாரோ, அதிலிருந்து உண்மையில் கொடுத்த விலையைக் கழித்தால் வருவது. உற்பத்தியாளர் உபரி இதன் மறுபக்கம்: விற்பவர் கையில் வந்த பணத்திலிருந்து, ‘இதுக்குக் கீழே போனா வேண்டாம்’ என்று அவர் மனதில் வைத்திருந்த குறைந்தபட்சத்தைக் கழிக்க வேண்டும். இந்த யோசனையைத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் அல்ல, பொறியாளர். ஜூல் துப்புயி என்ற பிரெஞ்சுக்காரர், சாலையும் பாலமும் கட்டியவர். சுங்கமாக வசூலாகும் காசை வைத்து மட்டும் ஒரு பாலத்தின் பயனை அளக்க முடியாது, அதைவிட அதிகம் கொடுத்தும் கடக்கத் தயாராக இருந்தவர்களின் மிச்சத்தையும் கூட்ட வேண்டும் என்று 1844இல் எழுதினார். நாம் சொல்லும் பெயரைப் பிறகு ஆல்ஃபிரட் மார்ஷல் பரப்பினார்.

சொல்வது சுலபம். ஆனால் அடுத்தவர் மனதில் இருக்கும் அதிகபட்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அந்த ஐவர் குழுவின் சாமர்த்தியம் இங்கேதான். கூட்ட நேரத்தில் கட்டணத்தை 1.2 மடங்கு, 1.3 மடங்கு என்று ஊபர் ஏற்றும். உள்ளே நிரல் கணக்கிடும் எண் அப்படி வட்டமாக இருக்காது, 1.249 என்றோ 1.251 என்றோ வரும். அன்றைய செயலி அதை ஒரு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டும். 1.249 என்றால் திரையில் 1.2, 1.251 என்றால் 1.3. இரண்டு நேரங்களிலும் மழை, கூட்டம், கார்களின் எண்ணிக்கை எல்லாம் அநேகமாக ஒன்றுதான். ஆனால் ஒரு கூட்டம் பார்த்த விலை வேறு, இன்னொரு கூட்டம் பார்த்த விலை வேறு. எத்தனை பேர் ‘வேண்டாம்’ என்று செயலியை மூடினார்கள் என்று எண்ணினால், விலை ஏறும்போது தேவை எவ்வளவு சரிகிறது என்பது கிடைத்துவிடும். நான்கு நகரங்களில் ஏறத்தாழ 5 கோடி தேடல்களை வைத்து இதைச் செய்தார்கள். விலை 10 சதவீதம் ஏறினால் பயணங்கள் 4 முதல் 6 சதவீதம்தான் குறைகின்றன என்று தெரிந்தது. விலை ஏறினாலும் பெரும்பாலோர் விடாமல் ஏறுகிறார்கள் என்றால், அவர்கள் மனதில் இருந்த அதிகபட்சம் விலையைவிட நிறைய மேலே என்று அர்த்தம். அந்த இடைவெளிகளின் கூட்டல்தான் 680 கோடி.

இதை ஒரே ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். நான் டொரோண்டோவில் இருக்கிறேன். போன பிப்ரவரியில் ஊரிலிருந்து திரும்பிய இரவு, பியர்சன் விமான நிலையத்திலிருந்து ஸ்கார்பரோவுக்கு ஒரு செயலியில் கார் பிடித்தேன். 62 டாலர். ஓட்டுநர் யாழ்ப்பாணத்து அண்ணர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தார். பாதி வழியில், “தம்பி, இந்த ஓட்டத்துக்கு உங்களிட்ட எவ்வளவு எடுத்தவங்கள்?” என்றார். சொன்னேன். “எனக்கு 38 காட்டினவன்” என்றார். “எவ்வளவுக்குக் கீழ வந்தா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க அண்ணா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “முப்பது. அதுக்குக் குறைஞ்சா இந்தப் பனிக்குள்ள பெற்றோலுக்கும் நேரத்துக்கும் கட்டாது” என்றார்.

என் பக்கத்து எண்ணை நானே சொல்ல வேண்டும். நள்ளிரவு, இரண்டு பெரிய பெட்டி, நல்ல பனி. 90 டாலர் வரை கொடுத்திருப்பேன். அப்படியானால் என் உபரி 90க்கும் 62க்கும் இடையிலான 28. அவர் உபரி 38க்கும் 30க்கும் இடையிலான 8. நடுவில் செயலி எடுத்துக்கொண்டது 24; அதில் காப்புறுதி, வரி, அட்டைக் கட்டணம் எல்லாம் கழியும், இங்கே எளிமைக்காக அப்படியே விடுகிறேன். மொத்தம் 60 டாலர். என் 90க்கும் அவருடைய 30க்கும் உள்ள தூரமும் அதே 60தான். இந்த வியாபாரம் நடந்ததால் உலகத்தில் புதிதாக உண்டான பலன் அவ்வளவு. அதைத்தான் ‘வணிகத்தின் ஆதாயம்’ என்கிறார்கள்.

இப்போது செயலிக்கு என் 90ம் அவருடைய 30ம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் 88 கேட்கும், அவருக்கு 31 காட்டும். நான் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவேன், அவரும் எடுப்பார். என் உபரி 2, அவர் உபரி 1, செயலிக்கு 57. கூட்டிப் பாருங்கள்: அதே 60. மொத்த ஆதாயத்தில் ஒரு காசு குறையவில்லை. மொத்தத்தை மட்டும் அளக்கும் எந்த ஆய்வுக்கும் இந்த இரண்டு இரவுகளும் ஒன்றுதான்.

இது வெறும் கற்பனையா? செயலிகளின் ஆரம்ப காலத்தில் பயணி கட்டியதில் ஒரு நிலையான சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டு மீதியை ஓட்டுநருக்குக் கொடுத்தது. என் விலை ஏறினால் அவர் பங்கும் சேர்ந்து ஏறும். பயணத்துக்கு முன்பே முழுத் தொகையையும் காட்டும் முறை வந்த பிறகு, 2017 வாக்கில் ஊபர் இந்த இரண்டையும் பிரித்தது. பயணி கட்டுவது ஒரு கணக்கு, ஓட்டுநர் பெறுவது வேறொரு கணக்கு. எந்தப் பாதையில், எந்த நேரத்தில் பயணிகள் அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பார்கள் என்று கணித்து விலை வைப்பதாக நிறுவனமே அப்போது ஒப்புக்கொண்டது. தனி ஆளைப் பார்த்து அல்ல, பாதையையும் நேரத்தையும் பார்த்துத்தான் என்றும் சொன்னது. இருக்கட்டும். ஆனால் நூலை அறுத்துவிட்டால், மேலே இழுக்கவும் கீழே இழுக்கவும் தனித்தனிக் கைகள் கிடைத்துவிடுகின்றன.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. அதே விமான நிலையத்தில் சுத்தம் செய்யும் வேலை முடிந்து இரவு வீடு திரும்பும் ஒருவரை நினையுங்கள். அவரால் 50க்கு மேல் முடியாது. ஓட்டுநர் 30க்கு வரத் தயார். ஆனால் செயலி எல்லோருக்கும் 62 என்று நின்றால் அவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார். 20 டாலர் ஆதாயம் யார் கைக்கும் வராமல் காணாமல் போகும், எந்த ரசீதிலும் அது பதிவாகாது. ஆளுக்கேற்ற விலை இருந்தால் அவருக்கு 48 சொல்லி ஏற்றிக்கொள்ளலாம். ஆக, ஆள் பார்த்து விலை வைப்பதால் மொத்தம் கூடவும் செய்யலாம். துப்புயிக்கே இது தெரிந்திருந்தது. ஆனால் அதே மனிதர்தான் 1849இல், அக்காலத்து ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததற்குக் காரணம் கூரைச் செலவு அல்ல என்றும் எழுதினார். கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவான். அவனைப் பயமுறுத்தத்தான் ஏழை நனைந்தான்.

உபரிக் கணக்கில் இன்னும் இரண்டு ஓட்டைகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, என் 90ம் சுத்தம் செய்பவரின் 50ம் தேவையை அளக்கவில்லை, பர்ஸை அளக்கின்றன. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த அவருக்குக் கார் என்னைவிட அவசியம். ஆனால் நுகர்வோர் உபரியில் என் குரல் அவர் குரலைவிடப் பெரிது. 680 கோடியைக் கூட்டும்போது இந்தக் குரல்களெல்லாம் சமமாகவே கூட்டப்பட்டன.

இன்னொன்று, உற்பத்தியாளர் உபரி என்பது லாபம் அல்ல. இதைத்தான் அடிக்கடி குழப்புகிறார்கள். அந்த அண்ணர் 30 என்று சொன்னபோது பெட்ரோலையும் நேரத்தையும்தான் நினைத்தார். காருக்கு மாதாமாதம் கட்டும் தவணை, வருடக் காப்புறுதி இரண்டும் அதில் இல்லை. இந்த ஓட்டத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவை கட்டியே ஆக வேண்டியவை. அதனால் அவருடைய குறைந்தபட்சம் தாழ்வாகத் தெரிகிறது, உபரி பெரிதாகத் தெரிகிறது. அந்த 8 டாலரிலிருந்துதான் தவணை போக வேண்டும். போதவில்லை என்றால், ஒவ்வொரு ஓட்டத்திலும் உபரி கண்டுகொண்டே மாதக் கடைசியில் நட்டத்தில் நிற்கலாம். நேரத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதிக்கு ஓட்டுநர்கள் பெரிய மதிப்பு வைக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு வாரம் சுமார் 150 டாலர் உபரி கிடைக்கிறது என்று ஊபர் தரவுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2019இல் சொன்னது. சுதந்திரத்தின் மதிப்பை அது நன்றாகவே காட்டுகிறது. கார் கடன் அடைந்ததா என்பதைக் காட்டுவது அதன் வேலை அல்ல.

ஆகவே, ஓட்டுநர்கள் கூலி கேட்டு நிற்கும்போது ‘எத்தனை கோடி உபரி உண்டாக்கியிருக்கிறோம் பாருங்கள்’ என்பது பதிலாகாது. அவர்கள் கேட்பது பங்கு, காட்டப்படுவது கூட்டுத்தொகை. நம்மவர்கள் இந்த வியாபாரத்தில் இரண்டு இருக்கையிலும் இருக்கிறோம். படிக்க வந்து இரவில் கார் ஓட்டுகிறவரும் நாம், பின்னால் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கிறவரும் நாம். ஒரே காரில் 62ம் 38ம் தெரியாமல் இருவர் பயணிக்க, இரண்டையும் தெரிந்த மூன்றாமவர் காரிலேயே இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. கட்டணத்துக்கு உச்சவரம்பு வை என்றால் பனி கொட்டும் இரவில் கார் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். பயணி கட்டியதும் ஓட்டுநர் பெற்றதும் இருவருக்கும் ஒரே ரசீதில் வர வேண்டும், அவ்வளவுதான். தொழில்நுட்பமாக இது ஒரு மதிய வேலை. இரண்டு எண்களும் ஏற்கெனவே ஒரே தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024இல் இதற்குச் சட்டமே போட்டுவிட்டது. ஒன்டாரியோவில் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நம் சங்கங்கள் இந்த ஒரு வரியை முன்வைக்கலாம்.