பட்டுப்புடவையைத் திருப்பிப் பாருங்க... காஞ்சி, ஆரணி, பனாரஸ் வித்தியாசம் அங்கேதான் இருக்கு!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கல்யாணம் நிச்சயமானால் முகூர்த்தப் புடவைக்கு இரண்டு வழி. கண்ணமங்கலம் தாண்டி ஆரணிக்குப் போவாங்க. இல்லைன்னா வாலாஜாவைக் கடந்து காஞ்சிபுரம். வரவேற்புக்கு மட்டும் பெண்ணோட தோழிகள், “பனாரஸ் எடுடி” என்பாங்க. கடையில் மூன்றும் ஒரே மாதிரி மின்னும். எதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தோல் வாங்குறவங்க மேல்பக்க மினுமினுப்பை மட்டும் பார்த்து விலை பேச மாட்டாங்க. திருப்பி உள்பக்கத்தையும் தடவிப் பார்ப்பாங்க. புடவைக்கும் அதுதான் வழி.

கரை: மூன்று நாடாவின் வேலை

காஞ்சிபுரத்தின் அடையாளம் கோர்வைக் கரை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடல் நிற ஊடை கரைக்குள் போகாது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதற்கு நெசவாளரோடு இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். கோபுரம் கோபுரமாக உடலுக்குள் ஏறும் ரேக்குக் கரையும் இப்படிக் கோத்து நெய்வதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவையை எடுத்துக்கோங்க. கோர்வையாக இருந்தால் கரை சுத்தமான அரக்காக இருக்கும். இல்லையென்றால் பச்சை ஊடை கரை வரைக்கும் ஓடியிருக்கும். அப்போது கரையைச் சாய்த்துப் பார்த்தால் அரக்கோடு பச்சையும் கலந்து தெரியும். அடுத்து, பின்பக்கம் திருப்பி கரை சேரும் கோட்டில் விரலை ஓட்டுங்க. கோர்வையில் சின்ன வரப்பு மாதிரி தட்டுப்படும். கோர்வை விலையைக் கேட்டுவிட்டு அந்த வரப்பு இல்லாத புடவையைக் காட்டினால், காரணம் கேளுங்க.

கனம்: ஆரணி ஏன் லேசு?

காஞ்சிப் பட்டில் இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூலைப் பயன்படுத்துவாங்க. அதனால் துணி தடிமனாக நிற்கும். மடிப்பு விசிறி மாதிரி விரியும். ஆரணியில் பாவு நூல் அதைவிட மெல்லிசு. கட்டமும் கோடும் போட்ட, சின்னக் கரை வைத்த புடவைகள் நிறைய கிடைக்கும். இது மட்டம் என்று அர்த்தமில்லை. சித்திரை வெயிலில் நாள் முழுக்க பந்தியில் நிற்கிற அத்தைக்கும் சித்திக்கும் ஆரணிதான் வசதி. ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் தனித்தனிப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணிப் புடவையைக் காஞ்சி விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பனாரஸ்: அழகு உடலில்

காஞ்சியில் மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம் எல்லாம் பெரும்பாலும் கரையிலும் முந்தியிலும் இருக்கும். பனாரஸில் கொடியும் பூவும் மாங்காயும் உடல் முழுக்க ஜரிகையில் படரும். கரையின் உள்விளிம்பில் இலை இலையாக ஒரு வரிசை நிற்கும். இதையும் திருப்புங்க. ஒவ்வொரு பூவையும் தனித்தனி சிறு நாடாவில் நெய்திருந்தால் பூவுக்கும் பூவுக்கும் நடுவே பின்பக்கம் சுத்தமாக இருக்கும். இது நாள் பிடிக்கும் வேலை, விலையும் அதிகம். ஜரிகையை அகலம் முழுக்க ஓடவிட்டு நெய்து, பிறகு கத்தரித்திருந்தால் வெட்டிய நுனிகள் தெரியும். வளையலிலும் மெட்டியிலும் சிக்குவது அந்த நுனிகள்தான்.

ஜரிகை: பணம் போகும் இடம்

அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பாங்க. உள்நூல் பெரும்பாலும் சிவப்பு. முந்தி ஓரத்தில் தொங்கும் ஒரு ஜரிகை நுனியை நகத்தால் சுரண்டுங்க. சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல அறிகுறி. வெள்ளை பாலியஸ்டர் வந்தால் அது போலி. ஆனால் போலியிலும் சிவப்பு நூல் வைப்பதுண்டு. பெரிய தொகை என்றால் ஜரிகைப் பரிசோதனை செய்து காட்டச் சொல்லுங்க.

தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். ஒரு மார்க் ஜரிகை சுமார் 240 கிராம். ஒரு புடவையில் அரை மார்க், அதாவது 120 கிராம் போயிருந்தால், அதில் வெள்ளி 48 கிராம், தங்கம் அரை கிராமுக்கு மேல். பாட்டியின் கிழிந்த கூரைப்புடவைக்கும் தெருவில் ‘பழைய பட்டு’ எடுப்பவர் பணம் கொடுப்பது இந்த வெள்ளிக்காகத்தான். போலி ஜரிகைக்கு அந்த மதிப்பு கிடையாது.

கடைசியாக ஒன்று. ‘சில்க் மார்க்’ அட்டை பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. கைத்தறிக்கு ‘ஹேண்ட்லூம் மார்க்’ தனியாக இருக்கிறது. அதனால் எந்த ஊர் நெசவு, கோர்வையா, ஜரிகை எந்த வகை என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்க.