கண்ணீருக்கு மார்க் கிடையாது!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிய எல்லோருக்கும் அந்தச் சட்டம் தெரியும். உணர்ச்சி கூடாது. ஆதாரம் (லோகோஸ்) இருக்கலாம், எழுதுபவர் மேல் நம்பிக்கை வரவைப்பது (ஈதோஸ்) இருக்கலாம். படிப்பவர் மனதைத் தொடுவது (பேதோஸ்) மட்டும் ஆகாது. சிவப்பு மையில் அடித்து விடுவார்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். முடிச்சூரில் மளிகைக்கடை வைத்திருந்தவர்களின் நஷ்டத்தைப் பற்றி ஒரு பி.காம் மாணவர் எழுதுகிறார் என்று வையுங்கள். கைடு ஓகே செய்யும் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்:

"கனமழை காரணமாக வெள்ளம் ஏற்பட்டு, சிறு வணிகம் பாதிக்கப்பட்டது."

பொய் இல்லை. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஆனால் இந்த வாக்கியத்தில் குற்றவாளி மழை மட்டும்தான். "ஏற்பட்டது", "பாதிக்கப்பட்டது" என்று எழுதியதும் மனிதர்கள் அத்தனை பேரும் தப்பித்துவிட்டார்கள். இதற்குப் பெயர் நடுநிலையாம்!

சரி, அதே மாணவர் கோபத்தில் எழுதினால்?

"செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டு முடிச்சூரை மூழ்கடித்த பாவிகள்!"

படித்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் தப்பு. அன்று செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி வரை திறந்தது உண்மை. அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவதோ திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் வழியில் இருக்கிறது. முடிச்சூருக்கு வந்தது ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். ஆசிரியர்கள் உணர்ச்சிக்குப் பயப்படுவது இதனால்தான். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு அவர்கள் கொடுக்கும் மருந்துதான் தப்பு.

அரிஸ்டாட்டில் தன் 'ரெட்டரிக்' நூலில் கோபத்தைப் பற்றிச் சொன்னதைக் கவனியுங்கள். கோபம் எப்போதும் குறிப்பிட்ட ஆள் மீதுதான் வரும், பொதுவாக மனித குலத்தின் மீது வராது என்கிறார். யார் மீது, எதற்காக என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தேடிப் போவதுதானே ஆராய்ச்சி? கோபத்தை வெட்டும்போது "யார்" என்ற கேள்வியும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

மூன்றாவதாக ஒரு வாக்கியம் சாத்தியம்:

"அடையாற்றங்கரைத் தாழ்நிலத்தில் மனை போட அனுமதித்தவர்கள் ஒருவர்கூட, ஊறிப்போன அரிசி மூட்டைகளுக்குக் கணக்கு எழுதவில்லை."

இதில் ஒரு "ஐயோ" கூட இல்லை. ஆனாலும் வலிக்கிறது. அனுமதிக் கோப்புகளைத் தேடி எடுத்து, கடைக்காரரின் சரக்கு நோட்டையும் பார்த்த பிறகே இப்படி எழுத முடியும். அதாவது இங்கே வலி ஆதாரத்திலிருந்து வருகிறது.

2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, செம்பரம்பாக்கம் திறப்பைச் சாடி, இது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்றே எழுதியது. கணக்குத் தணிக்கையாளரே காரணமானவர்களைச் சுட்டிக் கடுமையாக எழுதலாமாம். கணக்கு படிக்கும் மாணவர் மட்டும் "பாதிக்கப்பட்டது" என்று எழுத வேண்டுமாம்!

சிவப்புப் பேனா வைத்திருப்பவர்கள் "உணர்ச்சி இருக்கிறதா" என்று பார்ப்பதை விட்டுவிட்டு, "அதற்கு ஆதாரம் இருக்கிறதா" என்று பார்க்கட்டும். இல்லையென்றால் தாராளமாக அடியுங்கள்.