பெயர் மாறிற்று, வரி மாறவில்லை

2021 ஏப்ரல் 1 அன்று பரஸ்பர நிதித் திட்டங்களில் ‘டிவிடெண்ட்’ என்னும் தேர்வு பெயர் மாறிற்று. செபியின் ஆணைப்படி அது ‘வருமானப் பகிர்வும் மூலதனம் திரும்பப் பெறுதலும்’ என்றாயிற்று. நாவில் எளிதில் புரளாத பெயர்தான். எனினும் பழையதைவிட நேர்மையானது. இத்தேர்வில் வழங்கப்படும் பணம் முதலீட்டாளரின் யூனிட் மதிப்பிலிருந்தே கழிக்கப்படுகிறது.

வருமான வரிச் சட்டம் இந்த நேர்மையை இன்னும் ஏற்கவில்லை. 2020 ஏப்ரலுக்கு முன் பகிர்வின் மீதான வரியை நிதி நிறுவனமே செலுத்தியது. இப்போது பகிரப்படும் தொகை முழுவதும் பெறுபவரின் வருமானத்தோடு சேர்ந்து, அவருடைய வரி அடுக்குக்கேற்ப வரிக்குள்ளாகிறது.

ஒருவர் பங்கு சார்ந்த திட்டமொன்றில் யூனிட் 100 ரூபாய் வீதம் 1,000 யூனிட் வாங்குகிறார். பதினான்கு மாதத்தில் யூனிட் மதிப்பு 120 ஆகிறது. யூனிட்டுக்கு 20 ரூபாய் பகிர்ந்தால் 20,000 ரூபாய் கைக்கு வரும். மதிப்பு மீண்டும் 100 ஆகும். 30 சதவீத அடுக்கில் இருப்பவர், 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 6,240 ரூபாய் வரி கட்டுவார். வளர்ச்சித் தேர்வில் இருந்தவருக்கோ அதே 20,000 ரூபாயைப் பெற ஏறத்தாழ 167 யூனிட்டை விற்றால் போதும். அவற்றின் அடக்க விலை போக ஆதாயம் சுமார் 3,333 ரூபாய். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை அதற்கு வரியில்லை. அவ்வரம்பு ஏற்கெனவே தீர்ந்திருந்தாலும் 12.5 சதவீத வரி, தீர்வை நீங்கலாக, 417 ரூபாய்தான். எஞ்சிய ஆதாயம் யூனிட்டுகளிலேயே தங்குகிறது. அவற்றை விற்கும்வரை வரி எழுவதில்லை.

பகிர்வுக்கு முந்தைய நாள் 120 ரூபாய்க்கு நுழைந்தவரின் நிலை இன்னும் விந்தையானது. அவருக்கு ஒரு ரூபாய்கூட ஆதாயமில்லை. திரும்பி வரும் 20 ரூபாய் அவர் நேற்றுப் போட்ட பணமே. அதையும் சட்டம் வருமானம் என்கிறது. ‘மாதந்தோறும் வருமானம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஓய்வூதியப் பணத்தை இடும் முதியவர்களுக்கு இக்கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

வளர்ச்சித் தேர்வே எல்லோருக்கும் உகந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் கழிவில் பகிர்வுத் தொகையும் அடங்கும். பங்கு சார்ந்த திட்டத்தை ஓராண்டுக்குள் விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு அக்கழிவு கிடையாது. அதற்கு 20 சதவீதம் தனி விகிதம். கடன் பத்திரத் திட்டங்களிலோ, 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய யூனிட்டை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் ஆதாயம் வரி அடுக்கின்படியே கணக்கிடப்படும். ஆயினும் அங்கும் ஆதாயத்துக்கு மட்டுமே வரி. விற்ற தொகை முழுவதற்கும் அல்ல.

பகிர்வில் எவ்வளவு மதிப்பு உயர்வு, எவ்வளவு மூலதனம் என்று கணக்கு அறிக்கையில் பிரித்துக் காட்டவேண்டும் என்பதும் அதே செபி ஆணையின் பகுதிதான். எனவே மூலதனப் பகுதியை வரியிலிருந்து விலக்கப் புதுக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. அறிக்கையில் உள்ள எண்ணைச் சட்டம் ஏற்றுக்கொண்டால் போதும்.